லோன் கமிட்டி மினிட்ஸ் எழுதுறது எப்படி: ஒரு 30,000 வெள்ளி விண்ணப்பத்தை வச்சு முழு வழிகாட்டி

தோட்டப்பக்க பெக்கான்ல இருக்கிற கூட்டுறவு நாணயச் சங்கத்தை நம்ம ஆளுங்க யாரும் சங்கம்னு சொல்றதில்ல, கூட்டுறவு பேங்க்னுதான் சொல்வாங்க, அதனால நானும் இங்க பேங்க்னே எழுதுறேன். இந்த வழிகாட்டி யாருக்குன்னா, திடீர்னு லோன் கமிட்டி செயலாளரா போட்டுட்டாங்க, கையில ஒரு மினிட் புக்கைக் குடுத்துட்டாங்க, பழைய பக்கத்தைப் புரட்டிப் பாத்தா "விண்ணப்பம் 7 பரிசீலிக்கப்பட்டது, அங்கீகரிக்கப்பட்டது"ன்னு ஒரே வரியா இருக்கு, நாமளும் அப்படியே எழுதிட்டுப் போலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு. வேணாம். மூணு வருசம் கழிச்சு தவணை நின்னு போச்சுன்னா ஆடிட்டர் கேப்பாரு, கூட்டுறவு ஆணையம் எஸ்கேஎம்லேர்ந்து வர்ற அதிகாரி கேப்பாரு, கேஸ் போட்டா லாயரு கேப்பாரு: எதை நம்பிக் காசு குடுத்தீங்க, யாரு வேணாம்னு சொன்னாங்க, அதுக்கு என்ன பதில் சொன்னீங்க. அந்த ஒரு வரியில இதுக்கெல்லாம் பதில் கிடையாது.

எல்லா வகை லோனையும் பத்திப் பேசப் போறதில்ல. கமிட்டியில ஒருத்தர் ஒத்துக்காத ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்து கடைசி வரைக்கும் எழுதிப் பாக்கலாம், ஏன்னா எல்லாரும் தலையாட்டுற விண்ணப்பத்துக்கு மினிட்ஸ் எழுத யாருக்கும் வழிகாட்டி தேவைப்படாது.

இடம் பெஸ்தாரி ஜெயான்னு வச்சுக்குவோம், பழைய ஆளுங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைனுதான் சொல்லுவாங்க, கோலசிலாங்கூர் மாவட்டம், சுத்தி செம்பனைத் தோட்டம். ஆளும் சங்கமும் நான் உதாரணத்துக்கு வச்சதுதான். விண்ணப்பதாரர் செம்பனை ஆலையில பாய்லர் பாத்துக்கிறவர். வீட்டுக் கூரையை மாத்தணும், பின்னாடி அடுப்படியை நீட்டணும், அதுக்கு 30,000 வெள்ளி, நாலு வருசத் தவணை கேக்குறாரு. செக்யூரிட்டிக்கு ரெண்டு ஜாமீன்தாரு, அது போக வீட்டு நிலப் பத்திரமான கிராண்டைத் தர்றேங்கிறாரு.

கூட்டத்துக்கு முன்னாடி ஒரு பக்கம்

மினிட்ஸ் கூட்டத்துல ஆரம்பிக்கிறது இல்ல, அதுக்கு முந்தின வாரமே ஆரம்பிக்கணும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு பக்கம் தயார் பண்ணி கமிட்டி ஆளுங்களுக்கு முன்கூட்டியே குடுத்துடுங்க. மெம்பர் நம்பர், பங்குப் பணம் எவ்வளவு இருக்கு, பழைய லோன்ல பாக்கி எவ்வளவு, மூணு மாச பே சிலிப், வெளிக்கடன் விவரம் காட்டுற சிடிஓஎஸ் ரிப்போர்ட், ஜாமீன்தாருங்க வேற யாருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காங்க, நிலத்துக்கு லேண்ட் ஆபிஸ்ல எடுத்த பதிவு விவரமான கேரியான். இவ்வளவுதான்.

கேரியான் விசயத்துல ஒண்ணு சொல்லணும். விண்ணப்பதாரர் கொண்டு வர்ற கிராண்டு ஜெராக்ஸைப் பாத்து மினிட்ஸ் எழுதாதீங்க. அந்த ஜெராக்ஸ் எடுத்த பிறகு நிலம் வேற பேங்குக்கு அடமானம் போயிருக்கலாம், யாராவது நிலத்து மேல தடைப் பதிவான கேவியட் போட்டிருக்கலாம், இல்ல இன்னும் செத்துப்போன அப்பா பேர்லயே கிடக்கலாம். லேண்ட் ஆபிஸ்ல காசு கட்டிப் புதுசா எடுத்த கேரியான்ல இதெல்லாம் தெரிஞ்சிரும், அந்தத் தேதியை மினிட்ஸ்ல போடுங்க.

நம்ம உதாரணத்துல கேரியான் என்ன சொல்லுதுன்னா நிலம் அவர் பேர்லதான் இருக்கு, அடமானம் எதுவும் இல்ல, ஆனா ஒரு செக்காத்தான் கெப்பெந்திங்ஙான் இருக்கு: மாநில அரசு அனுமதி இல்லாம விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மலிவு விலை வீடுகள்ல இது சகஜம்தான், ஆனா இதுதான் கூட்டத்துல சண்டைக்குக் காரணமாகப் போகுது.

கூட்டம் ஆரம்பிச்ச உடனே: யாரு இருக்காங்க, யாரு வெளிய போறாங்க

கமிட்டியில அஞ்சு பேரு, பைலாபடி மூணு பேரு இருந்தா கோரம். அன்னிக்கு நாலு பேரு வந்திருக்காங்க. சந்தோசமா வருகைப் பதிவை எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடாதீங்க, ஏன்னா அதுல ஒருத்தர் விண்ணப்பதாரருக்கு மச்சான். பெக்கான்னா இப்படித்தான் இருக்கும், யாரு யாருக்கு மாமன் மச்சான் இல்ல சொல்லுங்க. அவரு இந்த விண்ணப்பத்துக்கு மட்டும் சொந்தம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய போகணும், ரூம்லயே உக்காந்துட்டு "நான் பேச மாட்டேன்"னு சொல்றது பத்தாது, அவரு மூஞ்சிய பாத்துக்கிட்டு மத்தவங்க எப்படிப் பேசுவாங்க.

அவரு வெளிய போனா மிச்சம் மூணு பேரு. கோரம் இருக்கு, ஆனா மயிரிழையில இருக்கு. பல மினிட்ஸ்ல இந்த எடத்துலதான் ஓட்டை விழுது: ஆரம்பத்துல கோரம் இருந்துச்சுன்னு எழுதியிருப்பாங்க, ஒருத்தர் விலகின பிறகும் இருந்துச்சான்னு எழுதியிருக்க மாட்டாங்க. அதனால இப்படி எழுதுங்க:

"விண்ணப்பம் 3 எடுக்கப்பட்டபோது உறுப்பினர் ஈ, விண்ணப்பதாரர் தன் மனைவியின் சகோதரர் என்று தெரிவித்து இரவு 8.10க்கு அறையை விட்டு வெளியேறினார். எஞ்சிய மூவருடன் கோரம் இருப்பதைத் தலைவர் உறுதி செய்தார். முடிவு எடுக்கப்பட்டபின் 8.45க்கு அவர் திரும்பி வந்தார்."

நேரம் எதுக்குன்னு கேப்பீங்க. பின்னாடி யாராவது "மச்சான் உள்ள இருந்தாரு"ன்னு கிளப்பினா அந்த ரெண்டு நேரம்தான் பேசும்.

விண்ணப்பத்தை எழுதுறது: கேட்டது, கட்ட முடிஞ்சது

இங்க கணக்கு வரும், பயப்படாதீங்க, கொஞ்சம்தான். பேங்கோட வட்டி வருசத்துக்கு 6 விழுக்காடு ஃப்ளாட், அதாவது கடைசி வரைக்கும் முதல்ல வாங்கின முழுத் தொகைக்கும் வட்டின்னு வைங்க. ஃப்ளாட்ங்கிற வார்த்தையை மினிட்ஸ்ல கண்டிப்பா எழுதணும், ஏன்னா நாலு வருசத்துக்கு 6 விழுக்காடு ஃப்ளாட்டுன்னா குறையுற பாக்கி மேல கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 11 விழுக்காடு ஆகுது, வெறும் 6ன்னு எழுதிட்டா எந்த ஆறுன்னு பின்னாடி தகராறு.

30,000க்கு நாலு வருச வட்டி 7,200, மொத்தம் 37,200, அதை 48 மாசத்தால வகுத்தா மாசம் 775. இது அவரு சம்பளத்துல பிடிக்க முடியுமாங்கறதுதான் கேள்வி. 1955ஆம் வருச வேலைச் சட்டத்தோட 24ஆவது பிரிவுபடி, தொழிலாளி எழுத்துமூலமா கேட்டுக்கிட்டா கூட்டுறவுக் கடனைச் சம்பளத்துல பிடிக்கலாம், ஆனா பொதுவா ஒரு மாசத்துல பிடிக்கிறதெல்லாம் சேத்து அந்த மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல போகக்கூடாது. இபிஎஃப், சொக்சோ எல்லாமே அந்தப் பாதிக்குள்ளதான் வருது, நிறைய பேரு அதை மறந்துட்டு வெறும் லோன் தவணையை மட்டும் பாப்பாங்க.

அவரு அடிப்படைச் சம்பளம் 2,000, ஓவர்டைம் சேந்து போன மாசம் 2,600. பாதி 1,300. ஏற்கெனவே பிடிக்கிறது இபிஎஃப் 220, சொக்சோவும் இஐஎஸ்ஸும் சேந்து சுமார் 18, சந்தா வகையில 56, நம்ம பேங்குலயே இருக்கிற பழைய லோனுக்கு 240, ஆக 534. அதோட 775 சேத்தா 1,309. ஒம்பது வெள்ளி தாண்டுது.

"ஒம்பது வெள்ளிதானே, விடுங்கண்ணே"ன்னு பொருளாளர் சொல்லுவாரு. அப்பதான் நம்ம எதிர்ப்பாளர் வாயைத் தொறக்கிறாரு. ஆலையில ஓவர்டைம் காய் வரத்தைப் பொறுத்தது, வருசக் கடைசியில காய் குவியும், வருச ஆரம்பத்துல காத்தாடும், அந்த மாசத்து சிலிப்பை எடுத்துப் பாருங்கன்னாரு. பாத்தா 2,100தான். பாதி 1,050. அந்த மாசத்துல 775 தவணையும் பழைய 240ம் சேந்து நிக்க வாய்ப்பே இல்ல.

இதைத்தான் மினிட்ஸ்ல விரிவா எழுதணும், ஏன்னா முடிவோட காரணமே இதுல இருக்கு. பேச்சு சுத்தி சுத்திப் போய் கமிட்டி ஒரு வழிக்கு வந்துச்சு: பழைய லோன் பாக்கி 1,680ஐ புது லோன்லேர்ந்தே அடைச்சிடுறது, தொகையை 24,000க்குக் குறைக்கிறது. 24,000க்கு வட்டி 5,760, தவணை மாசம் 620. பழைய 240 போயிட்டதால, சம்பளம் குறையுறப்ப சொக்சோவும் இஐஎஸ்ஸும் சேந்து சுமார் 15ஆ இறங்கிடுறதால, காய் இல்லாத மாசத்துலயும் மொத்தப் பிடிப்பு 911தான் வருது, 1,050க்குள்ள அடங்குது. பழைய லோனை அடைச்சிட்டு முழு 30,000ம் குடுத்தா என்னன்னு தலைவர் கேட்டாரு, அதையும் போட்டுப் பாத்தாங்க, 1,066 வருது, தாண்டுது. அந்தக் கேள்வியையும் பதிலையும் ஒரு வரியில எழுதி வைங்க, இல்லாட்டி நாளைக்கு விண்ணப்பதாரர் வந்து "ஏன் எனக்கு மட்டும் குறைச்சீங்க"ன்னு கேக்குறப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"கோரியது 30,000. குறைந்த சம்பள மாதமான 2,100ஐ அடிப்படையாகக் கொண்டு பார்த்ததில் 775 தவணை சட்ட வரம்பைத் தாண்டுகிறது. பழைய கடனை அடைத்த பின்னும் மொத்தப் பிடித்தம் 1,066 ஆகிறது. 24,000க்குத் தவணை 620, மொத்தப் பிடித்தம் 911, வரம்பு 1,050."

செக்யூரிட்டி: கிராண்டு இரும்புப்பெட்டியில இருந்தா போதுமா?

போதாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் பெக்கான்ல நம்ப மாட்டேங்கிறாங்க. "கிராண்டு நம்ம கையில இருக்கு, அவன் எங்க போயிடப்போறான்"ன்னு ஒரு தைரியம். தேசிய நிலச் சட்டத்துல நிலத்தைக் கடனுக்குப் பிடிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு அடமானத்தைப் பதியறது, போராங் 16ஏ. இன்னொண்ணு, சொந்தக்காரர் கடனுக்காகன்னு கிராண்டை ஒப்படைச்சு நாம அதுக்கான கேவியட்டைப் போடுறது, போராங் 19டி. ரெண்டுல ஒண்ணும் செய்யாம பெட்டியில பூட்டி வச்சா நம்மகிட்ட நிலத்து மேல பதிஞ்ச உரிமைன்னு எதுவும் கிடையாது, வெறும் காகிதம்தான் இருக்கு. அவரு கிராண்டு தொலைஞ்சு போச்சுன்னு மாத்து கிராண்டுக்கு எழுதிக் குடுக்கக்கூட முயற்சி பண்ணலாம்.

அதனால மினிட்ஸ்ல "கிராண்டு செக்யூரிட்டியாகப் பெறப்பட்டது"ன்னு எழுதாதீங்க. எந்த நிலை, எது இன்னும் ஆகலைன்னு எழுதுங்க. நம்ம உதாரணத்துல 16ஏ பதியணும்னா முதல்ல மாநில அரசு அனுமதி வேணும், அது எப்ப வரும்னு யாரும் தேதி குத்த முடியாது. லாயர் செலவு, அக்ரிமெண்டுக்கு ஆயிரத்துக்கு 5 வெள்ளி வீதம் ஸ்டாம்பு, எல்லாம் யாரு தலையிலங்கறதையும் எழுதணும். என்னைக் கேட்டா 24,000 வெள்ளிக்கு நிலத்தை இழுக்கிறதே கொஞ்சம் அதிகம்தான், சம்பளப் பிடிப்பும் நல்ல ஜாமீனும் போதும்னு நினைக்கிற ஆளு நான், ஆனா செயலாளரோட அபிப்பிராயத்துக்கு மினிட்ஸ்ல எடம் இல்ல.

ஜாமீன்தாரு பக்கம் வாங்க. முதல் ஆளு பிரச்சினை இல்ல. ரெண்டாவது ஆளு ஏற்கெனவே வேற ரெண்டு பேருக்கு ஜாமீன் போட்டிருக்காரு, அதுல ஒண்ணு மூணு மாசமா தவணை கட்டல. இவரு ஊருக்கே நல்ல மனுசன், கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு, அதுதான் சிக்கலே. ஜாமீன் பட்டியல் ஒண்ணு தனியா வச்சிருந்தா இது கூட்டத்துக்கு முன்னாடியே தெரியும். மினிட்ஸ்ல "ஜாமீன்தாரர் ஏற்கத்தக்கவர் அல்ல"ன்னு மொட்டையா போடாம, "இரண்டு நடப்புக் கடன்களுக்கு ஜாமீன், அதில் ஒன்று மூன்று மாதத் தவணை பாக்கி"ன்னு காரணத்தோட போடுங்க. ஆளைப் பத்தின விமர்சனம் வேணாம், கணக்கு மட்டும் போதும்.

நிபந்தனை: காசு போறதுக்கு முன்னாடி ஒண்ணு, போன பிறகு ஒண்ணு

நிபந்தனையெல்லாம் ஒரே பத்தியில கொட்டி வச்சா கேஷியருக்கு எது முடிஞ்சா செக் எழுதலாம்னு தெரியாது. அதனால ரெண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் யாரு பாத்துக்கணும்னு போடுங்க. நம்ம விண்ணப்பத்துக்கு இப்படி வரும்:

"பணம் வழங்குமுன்: (1) இரண்டாவது ஜாமீன்தாரருக்குப் பதில் வேறு ஒருவர், தவணை பாக்கி உள்ள கடனுக்கு அவர் ஜாமீனாக இருக்கக்கூடாது. (2) சம்பளப் பிடித்தத்துக்கு விண்ணப்பதாரரின் எழுத்துமூலக் கோரிக்கையும் ஆலை நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதமும். (3) அடுப்படி நீட்டிப்புக்கு மஜ்லிஸ் அனுமதி. (4) பழைய கடன் பாக்கி 1,680 புதிய கடனில் கழிக்கப்படும். சரிபார்ப்பவர்: செயலாளர்.

வழங்கும் முறை: முதல் பகுதி 12,000, அதில் 1,680 கழித்து 10,320. கூரை வேலை முடிந்ததைக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்தபின் மீதி 12,000.

வழங்கியபின்: மாநில அரசு அனுமதிக்கு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்து ரசீது தர வேண்டும், தராவிட்டால் இரண்டாவது 12,000 நிறுத்தி வைக்கப்படும். அனுமதி கிடைத்ததும் போராங் 16ஏ பதிவு. செலவு விண்ணப்பதாரருடையது."

"தேவையான ஆவணங்கள் பெற்றபின்"னு எழுதுறாங்க பாருங்க, அது நிபந்தனையே இல்ல. என்ன ஆவணம், யாரு வாங்கணும், எப்ப. இந்த மூணும் இல்லாத நிபந்தனையை யாரும் நிறைவேத்தவும் மாட்டாங்க, நிறைவேத்தலைன்னு யாராலயும் நிரூபிக்கவும் முடியாது.

எதிர்ப்பை எழுதுறது

இப்ப முக்கியமான எடம். தொகை குறைச்சதும் ஜாமீன்தாரை மாத்தச் சொன்னதும் எதிர்ப்பாளர் பேச்சாலதான், ஆனாலும் அவரு கடைசியில ஒத்துக்கல. அவரு சொல்றது, 16ஏ பதிஞ்ச பிறகுதான் ஒரு காசு போனாலும் போகணும், அனுமதி வரலைன்னா என்ன பண்ணுவீங்க, கூரையைப் பிரிச்சுக் காசைத் திருப்பி எடுப்பீங்களா. தலைவரும் பொருளாளரும் சம்பளப் பிடிப்பு இருக்கு, ரெண்டு ஜாமீன் இருக்கு, நிலம் கூடுதல்தான்னு சொல்றாங்க. ஓட்டு ரெண்டுக்கு ஒண்ணு.

கூட்டம் முடிஞ்சதும் தலைவர் செயலாளரைத் தனியா கூப்பிடுவாரு. "தம்பி, ஒருமனதான்னு போட்டுடேன், எஸ்கேஎம் பாத்தா நம்மகுள்ள சண்டைன்னு நினைப்பாங்க." இதுக்கு மரியாதையா ஒரே பதில்தான்: "ஐயா, ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஓட்டு எடுத்தாச்சு, அதை மாத்தி எழுதினா அவரு நாளைக்குக் கையெழுத்துப் போட மாட்டாரு, அப்புறம் மினிட்ஸே நிக்காது." உண்மையும் அதுதான். எதிர்ப்பு பதிவாயிருந்தா அவருக்கு மட்டுமில்ல, ஆமான்னு சொன்ன ரெண்டு பேருக்கும் அது பாதுகாப்பு, ஏன்னா எதிர்வாதத்தைக் கேட்டுட்டு, பதில் சொல்லிட்டுத்தான் முடிவு எடுத்தாங்கன்னு அதுலதான் தெரியும்.

எழுதுறப்ப சில விசயம். அவரு கத்தினாரு, மேசையைத் தட்டினாரு, இதெல்லாம் வேணாம். அவரோட காரணத்தை அவரு ஒத்துக்கிற வார்த்தையில எழுதி, அதே கூட்டத்துலயே வாசிச்சுக் காட்டி, அந்தப் பத்திக்குப் பக்கத்துல அவரோட சுருக்கக் கையெழுத்தை வாங்கிடுங்க. பதிலையும் எழுதணும், எதிர்ப்பை மட்டும் எழுதிட்டு விட்டா பெரும்பான்மை காதுல வாங்கலைன்னு ஆயிடும்.

"உறுப்பினர் இ எதிர்ப்புத் தெரிவித்தார். காரணம்: நிலத்தில் கட்டுப்பாடு உள்ளது, மாநில அரசு அனுமதி கிடைக்குமா என்பது உறுதியில்லை, எனவே 16ஏ பதிவுக்கு முன் எத்தொகையும் வழங்கக்கூடாது. தலைவரும் பொருளாளரும், திருப்பிச் செலுத்துதல் சம்பளப் பிடித்தத்தையும் இரு ஜாமீன்தாரரையும் நம்பியுள்ளது என்றும் நிலம் கூடுதல் பிணையே என்றும் கருதினர். ஆதரவு 2, எதிர்ப்பு 1. மேற்கண்ட நிபந்தனைகளுடன் 24,000 அங்கீகரிக்கப்பட்டது."

நடுநிலை வேற, எதிர்ப்பு வேற, இதைக் குழப்பிடாதீங்க. "எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல"ன்னு ஒருத்தர் சொன்னா அது எதிர்ப்பு இல்ல, எந்தப் பக்கம்னு கேட்டு எழுதுங்க.

மொழி விசயத்துல ஒரு தொல்லை இருக்கு. நம்ம கமிட்டியில பேச்செல்லாம் தமிழ்ல நடக்கும், மினிட் புக் மலாய்ல இருக்கும், ஏன்னா எஸ்கேஎம்முக்கும் ஆடிட்டருக்கும் அதுதான் வசதி. தமிழ்ல "இப்ப வேணாம்"னு அவரு சொன்னது மலாய்ல "தீடாக் செத்துஜு"ன்னு மொட்டையா போய் உக்காந்துடும், அவரு லோனே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். மலாய் வரியை அவருக்குத் தமிழ்ல விளக்கிச் சொல்லி, அதுக்குப் பிறகு கையெழுத்து வாங்குங்க.

கூட்டத்துக்கு அப்புறம்

விண்ணப்பதாரருக்குப் போற கடிதத்துல தொகை, வட்டி, தவணை, நிபந்தனை மட்டும்தான் இருக்கணும். யாரு எதிர்த்தாங்க, ஜாமீன்தாருக்கு எங்க பாக்கி இருக்கு, எதுவும் போகக்கூடாது. மினிட்ஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து கமிட்டி வாட்ஸப்ல போடுற பழக்கத்தையும் நிறுத்துங்க, அந்தப் பக்கத்துல அடுத்தவர் சம்பளமும் கடனும் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள அது கோயில் கமிட்டி குரூப்புக்குப் போயிரும்.

கேஷியருக்கு முழு மினிட்ஸ் வேணாம், முடிவும் "பணம் வழங்குமுன்" நிபந்தனையும் இருக்கிற பகுதியை மட்டும் எடுத்து, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒவ்வொரு நிபந்தனைக்குப் பக்கத்துலயும் தேதி விழுந்த பிறகுதான் செக்.

அடுத்த கூட்டத்துல மினிட்ஸை உறுதிப்படுத்துறப்ப யாராவது திருத்தம் சொன்னா பழைய வரியை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது, அது அப்படியே இருக்கட்டும், திருத்தம் இந்தக் கூட்டத்து மினிட்ஸ்ல வரணும். மச்சான்காரர் உறுதிப்படுத்துற கூட்டத்துல இருந்தாலும் விண்ணப்பம் 3ஐ அவரு முன்மொழியவோ வழிமொழியவோ வேணாம். அதே கூட்டத்துல "முந்தைய முடிவுகளின் நிலை"ன்னு ஒரு தலைப்பு வச்சு புது ஜாமீன்தாரு வந்தாச்சா, ஆலைக் கடிதம் வந்துச்சா, மாநில அனுமதிக்கு மனு போட்ட ரசீது வந்துச்சான்னு எழுதுங்க. ரசீது வரலைன்னா "வரவில்லை, இரண்டாவது 12,000 நிறுத்தி வைக்கப்படுகிறது"ன்னு எழுதிட்டு, கேஷியருக்கு அன்னிக்கு ராத்திரியே தகவல் சொல்லிடுங்க.